எண்களின் சாட்சியம்: மருத்துவப் பரிசோதனைக் கட்டுரைகளை வாசிக்கும் முறை

உயர்தர வகுப்பின் வாயிலிலேயே நம் மாணவர் இரு கூட்டமாகப் பிரிந்துவிடுகின்றனர். கணிதம் கற்பார் ஒரு பக்கம். உயிரியல் கற்பார் மறுபக்கம். அன்று தொடங்கிய பிரிவு ஆயுள் முழுதும் நீடிக்கின்றது. கணிதம் கற்றவர் மருந்தைப் பற்றிப் பேச அஞ்சுகிறார். மருத்துவம் கற்றவர் கணக்கைக் கண்டால் பக்கத்தைப் புரட்டுகிறார். இப்பிரிவினால் விளையும் இடர் யாது என்பதை நான் உணர்ந்தது வகுப்பறையில் அன்று. இறக்கக்கண்டிக் களப்பின் கரையில்.

மருத்துவக் கல்லூரியில் பயிலும் என் மருமகன் விடுமுறைக்கு வந்திருந்தான். மாலையில் பாலத்தருகே அமர்ந்திருந்தபோது, கையிலிருந்த ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றை என்னிடம் நீட்டினான். "பாருங்கள் மாமா, பி 0.025. இந்தச் சிகிச்சை பயன்தரும் என்பது நிரூபணமாகிவிட்டது. பிழையாயிருக்க நூற்றுக்கு இரண்டரைப் பங்குதான் இடமுண்டு" என்றான். நாற்பது ஆண்டுகள் கணிதம் கற்பித்த எனக்கு அவ்வாக்கியத்தின் முற்பாதி ஐயத்தையும் பிற்பாதி அச்சத்தையும் தந்தன. அவன் ஒருவன் மட்டும் அவ்வாறு எண்ணுகிறான் என்றால் நான் இதனை எழுதப் புகமாட்டேன். பட்டம் பெற்றோரும் பத்திரிகை நடத்துவோரும் அவ்வாறே எண்ணுகின்றனர்.

அக்கட்டுரை நம் நாட்டிலேயே பிறந்தது. மஞ்சள் அலரியின் நஞ்சு இருதயத்தின் துடிப்பைக் குலைப்பது. அதற்கு முறிமருந்து உண்டு. ஆனால் அதன் விலை நம்மைப் போன்ற நாடுகளுக்கு எட்டாதது. மருத்துவக் கரியோ மலிவானது. குடலிலுள்ள நஞ்சைத் தன்பால் ஈர்த்துப் பற்றிக்கொள்வது. ஆதலால் கரியை ஒருமுறை மட்டுமன்றிப் பலமுறை கொடுத்தால் உயிர்கள் காக்கப்படுமா என்று இலங்கை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். நோயாளர் அனைவருக்கும் முதலில் ஒருமுறை கரி கொடுக்கப்பட்டது. பின்னர் அவர்கள் எழுமாறாக இரு கூட்டமாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு கூட்டத்தார்க்கு ஆறு மணிக்கு ஒருமுறையாக மூன்று நாள் கரி. மற்றக் கூட்டத்தார்க்கு அதே முறையில் வெறும் நீர். 2003ஆம் ஆண்டில் லான்செட் என்னும் சஞ்சிகையில் முடிவு வெளியாயிற்று. கரி பெற்ற 201 பேரில் இறந்தோர் 5; நீர் பெற்ற 200 பேரில் இறந்தோர் 16. பி-பெறுமானம் 0.025.

இந்த 0.025 எங்கிருந்து வந்தது? இதனை அறிய உயர்கணிதம் வேண்டியதில்லை; ஒரு நாணயம் போதும். தொடர்ந்து கொடுத்த கரியினால் யாதொரு பயனும் இல்லை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அப்படியாயின் இறந்துபோன 21 பேரும் எக்கூட்டத்தில் இருந்திருப்பினும் இறந்தே இருப்பர். கூட்டங்கள் இரண்டும் ஏறக்குறைய சமமானவை. ஆதலால் ஒவ்வொரு மரணமும் இப்பக்கம் விழுவதும் அப்பக்கம் விழுவதும் நாணயத்தைச் சுண்டினால் தலை விழுவதும் பூ விழுவதும் போன்றதே. ஆகவே கேள்வி இதுதான்: 21 முறை நாணயத்தைச் சுண்டினால், 5 தலையோ அதற்குக் குறைவோ விழுவது எத்துணை அரிது?

21 முறை சுண்டும்போது தலையும் பூவும் மாறி மாறி விழக்கூடிய வகைகள் 2,097,152. அவற்றுள் 5 தலையோ குறைவோ உள்ளவை 27,896. மறுபக்கத்தையும் விடலாகாது, கரி பெற்றோரே அதிகமாக இறந்திருந்தாலும் நாம் வியப்புற்றிருப்போம் அல்லவா? அதையும் கூட்டினால் 55,792. மொத்தத்தில் இது நூற்றுக்கு 2.66 பங்கு. கட்டுரையாசிரியர் கையாண்ட சூத்திரம் வேறாயினும், அவர் கண்ட இரண்டரைக்கு நம் நாணயம் மிக அண்மையில் வந்துவிட்டது. பி-பெறுமானம் என்பது இவ்வளவுதான். சிகிச்சையால் பயனே இல்லை என்று கொண்டால், இத்துணை வேறுபாடோ இதனினும் மிக்க வேறுபாடோ தற்செயலாகத் தோன்றுவதற்குரிய நிகழ்தகவு அது.

"பயனே இல்லை என்று கொண்டால்" என்ற அத்தொடரை வாசகர் மறவாதிருத்தல் வேண்டும். என் மருமகன் அதைத்தான் தலைகீழாக்கிவிட்டான். பயனில்லாதபோது இம்முடிவு தோன்றும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டரை என்பது ஒன்று. இம்முடிவு தோன்றியபின் பயனில்லாதிருக்கும் வாய்ப்பு என்ன என்பது முற்றிலும் வேறொன்று. மழை பெய்தால் நிலம் நனையும். நனைந்த நிலமெல்லாம் மழையால் நனைந்தது ஆகாது.

கற்பனைக் கணக்கு ஒன்றால் இவ்வேறுபாட்டை விளக்கலாம். புதிய சிகிச்சைகள் நூறு பரிசோதிக்கப்படுகின்றன என்று கொள்வோம். அவற்றுள் மெய்யாகப் பயனுடையவை பத்து மட்டுமே. பயனுள்ள பத்தில் எட்டைப் பரிசோதனைகள் கண்டுபிடித்துவிடுகின்றன. பயனற்ற தொண்ணூறிலும் நூற்றுக்கு ஐந்து வீதம், அதாவது நான்கோ ஐந்தோ, தற்செயலாக 0.05 என்னும் எல்லையைத் தாண்டிவிடும். ஆகவே வெற்றி முரசு கொட்டிய பன்னிரண்டு பதின்மூன்று சிகிச்சைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போலி. நூற்றுக்கு ஐந்து என்று நாம் நம்பியிருந்த பிழை எங்கே, இது எங்கே! அமெரிக்கப் புள்ளிவிபரவியற் சங்கம் 2016ஆம் ஆண்டில் இதுபற்றித் தனியே ஓர் அறிக்கை வெளியிட்டு, கருதுகோள் மெய்யாயிருக்கும் வாய்ப்பைப் பி-பெறுமானம் அளப்பதில்லை என்று எடுத்துரைக்க வேண்டியதாயிற்று.

அந்த 0.05 என்னும் எல்லைக்கும் தெய்விகத் தோற்றம் எதுவுமில்லை. 1925ஆம் ஆண்டில் றொனால்ட் பிஷர் என்னும் ஆங்கிலேயப் பேரறிஞர் தம் நூலில் இருபதில் ஒன்று என்பதை வசதியான எல்லையாகக் கொண்டார். வசதிக்காக இட்ட கோட்டைப் பின்வந்தோர் மதிலாக்கிவிட்டனர். மதிலுக்கு இப்பால் நிற்பது "பொருளுள்ள வேறுபாடு". அப்பால் நிற்பது குப்பை. இம்மதில் எத்துணை மெலிது என்பதை நம் நாணயமே காட்டும். கரி பெற்ற கூட்டத்தில் இன்னும் ஒரே ஒருவர் இறந்திருந்தால் மரணங்கள் 6க்கு 16 ஆகியிருக்கும். 22 முறை நாணயம் சுண்டும் அக்கணக்கில் விடை நூற்றுக்கு 5.2. நானூற்றொரு பேரில் ஒருவருடைய உயிர் ஓர் இரவில் பிரிந்திருந்தால், அதே பரிசோதனை "பொருளற்றது" என்று பெயர் பெற்றிருக்கும்! கரியின் தன்மை அவ்விரவில் மாறியிருக்குமா?

பின் எதனை நோக்குவது என்று மருமகன் கேட்டான். பி-பெறுமானத்துக்குப் பக்கத்திலேயே அடைப்புக்குள் இரண்டு எண்கள் அடக்கமாக இருந்தன. அவன் அவற்றைக் கவனிக்கவேயில்லை. நூற்றுக்கு 95 நம்பிக்கை ஆயிடை, 0.6 முதல் 10.3 வரை என்று அங்கே எழுதியிருந்தது.

நீர் பெற்றோரில் இறந்தோர் நூற்றுக்கு 8. கரி பெற்றோரில் நூற்றுக்கு 2.5. வேறுபாடு 5.5. ஆனால் இதே பரிசோதனையை வேறு நானூறு பேரிடம் செய்திருந்தால் இதே 5.5 வந்திராது. எத்துணை ஆடியிருக்கும் என்பதைத் தரவிலிருந்தே கணிக்கலாம். அவ்வாட்டத்தின் அளவை நியம வழு என்பர். ஒவ்வொரு கூட்டத்திலும் இறந்தோர் பங்கையும் பிழைத்தோர் பங்கையும் பெருக்கி, ஆட்தொகையால் வகுத்து, இரண்டையும் கூட்டி வர்க்கமூலம் காணவேண்டும். இங்கே அது நூற்றுக்கு 2.2. அதன் இருமடங்கு 4.4. 5.5இலிருந்து இருபுறமும் 4.4 சென்றால் 1.1 முதல் 9.9 வரை. மரணங்கள் முழு எண்களாகவே தாவுவன. ஒன்றரை மரணம் என்பது இல்லை. அதற்கெனச் செய்யும் சிறு திருத்தத்தையும் சேர்த்தால் ஆயிடை சற்றே அகன்று, கட்டுரையிலுள்ள எண்களை ஏறத்தாழ எட்டிவிடுகின்றது.

இந்த ஆயிடையின் பொருளை விளக்க எங்கள் களப்பில் வலை வீசுவோரையே காட்டினேன். நீருக்கடியில் மீன் ஓரிடத்தில் நிற்கின்றது. அது நம் கண்ணுக்குப் புலனாவதில்லை. சிகிச்சையின் மெய்யான பயனே அம்மீன். பரிசோதனை ஒவ்வொன்றும் ஒரு வலைவீச்சு. வலை ஒவ்வொரு முறையும் சற்றே வேறிடத்தில் விழும். நூறுமுறை வீசினால் தொண்ணூற்றைந்து முறை மீனைத் தன் வட்டத்துள் அடக்கத்தக்க அகலமுள்ள வலையையே நூற்றுக்கு 95 நம்பிக்கை ஆயிடை என்கிறோம். நம்பிக்கை வீசும் முறையைப் பற்றியது. இன்று விழுந்த இவ்வொரு வலைக்குள் மீன் நிச்சயமாக உண்டு என்பதற்குச் சாட்சி அன்று. இம்முறையை 1937இல் வகுத்துத் தந்த யேசி நெய்மன் என்னும் அறிஞரும் இவ்வெச்சரிக்கையை வற்புறுத்தவே செய்தார். பரிசோதனையில் சேர்க்கப்பட்டோர் பெருகப் பெருக வலை சிறுக்கும். மீன் எங்குள்ளது என்பதும் துலங்கும். ஆட்தொகை நான்கு மடங்கானால்தான் வலையின் அகலம் பாதியாகும் என்பது வருந்தத்தக்க உண்மை.

இவ்வாறு நோக்கினால் 2003ஆம் ஆண்டின் முடிவு வேறு முகங்காட்டுகின்றது. ஆயிடையின் ஓர் அந்தம் 10.3. அதுவே மெய்யாயின், பத்துப் பேருக்குத் தொடர்ந்து கரி கொடுத்தால் ஓர் உயிர் தப்பும். அதைக் கொடாதிருப்பது கொடுமை. மறு அந்தம் 0.6. அதுவே மெய்யாயின், ஓர் உயிரைக் காக்க ஏறக்குறைய 167 பேருக்குக் கொடுக்கவேண்டும். கரிக்குழம்பை விழுங்க மறுக்கும் நோயாளிக்கு மூன்று நாள் இரவு பகலாக அதைக் கொடுப்பது தாதியர்க்கு இலகுவான பணி அன்று. அது நுரையீரலுட் சென்றாலோ பெருங்கேடு. பத்துக்கு ஒன்றா, நூற்றறுபத்தேழுக்கு ஒன்றா? இரண்டும் இதே தரவோடு பொருந்துகின்றன. "நிரூபணமாகிவிட்டது" என்னும் சொல் இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள முழுத்தூரத்தையும் மறைத்துவிடுகின்றது. வலையின் விளிம்பு பூச்சியத்தைத் தொட்டும் தொடாமலும் கிடந்தது என்பதையும் 0.025 என்னும் எண் தனியே நின்று சொல்லவில்லை.

கதை இங்கே முடியவில்லை. 2008ஆம் ஆண்டில் அதே லான்செட்டில், மூன்று இலங்கை ஆஸ்பத்திரிகளில் நடந்த மிகப் பெரிய பரிசோதனை ஒன்றின் முடிவு வெளியாயிற்று. சேர்க்கப்பட்டோர் 4,632 பேர். பாதிக்குச் சற்று மேற்பட்டோர் பூச்சிநாசினியாலும், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் அலரி நஞ்சாலும் பாதிக்கப்பட்டவர்கள். ஒரு கூட்டத்தார்க்குக் கரி இல்லை. இன்னொரு கூட்டத்தார்க்கு ஒருமுறை. மூன்றாம் கூட்டத்தார்க்கு நாலு மணிக்கு ஒருமுறையாக ஆறுமுறை. ஆறுமுறை பெற்ற 1,531 பேரில் இறந்தோர் 97. பெறாத 1,554 பேரில் இறந்தோர் 105. நூற்றுக்கு 6.3, 6.8. அலரி நஞ்சுண்டவர்களைத் தனியே பிரித்து நோக்கியபோதும் வேறுபாடு தென்படவில்லை.

முன்னே செய்த அதே கணக்கை இங்கும் செய்தால் வேறுபாடு 0.4, நியம வழு 0.9, ஆயிடை, நூறு பேரில் 2.2 மரணம் குறைவதிலிருந்து 1.3 மரணம் கூடுவது வரை. கட்டுரை இதனை விகிதமாகத் தருகின்றது: 0.96, ஆயிடை 0.70 முதல் 1.33 வரை. அங்கே 1 என்பது வேறுபாடின்மையைக் குறிக்கும். எவ்வகையில் எழுதினும் வலை வேறுபாடின்மையின் மேலேயே விழுந்து கிடக்கின்றது.

இதைக் கேட்டவுடன் மருமகன் எதிர்த்திசையில் ஓடினான். "அப்படியானால் முதற் கட்டுரை பொய், மாமா. கரியால் பயனில்லை என்பதுதான் உண்மை" என்றான். மதிலை நம்பியவனுக்கு இதுவே அடுத்த படி. பி-பெறுமானம் பெரிதாயிருந்தால் பயன் பூச்சியம் என்று முடிவுகட்டுவது, அது சிறிதாயிருந்தால் நிரூபணம் என்று கூவுவதனினும் குறைந்த பிழை அன்று. ஒரு கூட்டத்துக்கு இருபது பேர் வீதம் நாற்பது பேரை வைத்து ஒருவர் பரிசோதனை நடத்தினார் என்று கொள்வோம். ஒரு பக்கம் ஒருவர் இறந்தார், மறுபக்கம் இருவர். இதிலும் "பொருளுள்ள வேறுபாடு இல்லை" என்றே எழுதுவார். ஆனால் ஆயிடையை நோக்குக: நூறு பேரில் 21 உயிர் காப்பதிலிருந்து 11 உயிர் போக்குவது வரை விரியும்! களப்பு முழுவதையும் மூடிய வலை அது. அதனால் நாம் அறிந்தது ஒன்றுமில்லை. 2008ஆம் ஆண்டின் வலையோ சிறியது. நூறு பேரில் ஐந்தாறு உயிர் காக்கும் பெரும்பயன், அங்கே சேர்க்கப்பட்ட நோயாளர் கூட்டத்தில் இருந்திருக்குமாயின், அதற்குத் தப்பியிருக்க முடியாது. இவ்விரு பரிசோதனைகளுக்கும் "பொருளற்றது" என்ற ஒரே பட்டத்தைச் சூட்டுவது நீதியாகுமா?

இன்னும் ஒன்று. முதல் வலை 0.6 முதல் 10.3 வரை, இரண்டாம் வலை 2.2 குறைவதிலிருந்து 1.3 கூடுவது வரை. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும் சிறு பரப்பு உண்டு, 0.6க்கும் 2.2க்கும் இடையில். ஒன்று வெற்றி, ஒன்று தோல்வி என்று முரண்பட்டு நின்ற இரு கட்டுரைகளும், பெரும்பயன் இல்லை, சிறுபயன் இருந்தாலும் இருக்கலாம் என்ற அளவில் ஒன்றையொன்று மறுக்கவில்லை. எனினும் இவ்வொப்பீட்டை இழுத்து நீட்டலாகாது. முதலாவதில் யாவரும் அலரி நஞ்சுண்டோர். எல்லோரும் ஒருமுறை கரி பெற்றவர்கள். இரண்டாவதில் நஞ்சு பலவகை. ஒரு கூட்டத்தார் கரியே பெறாதவர்கள். கரி கொடுத்த இடைவெளியும் நாட்களும் வேறு. ஒரே மீனைக் குறித்தா இரு வலைகளும் வீசப்பட்டன என்ற ஐயத்தை எந்த ஆயிடையும் தீர்த்துவைக்காது. ஆயிடை அளப்பது தற்செயலின் ஆட்டத்தை மட்டுமே. நோயாளரைத் தெரிந்தெடுத்ததில் உள்ள கோணலையும், மருந்து ஒழுங்காகக் கொடுக்கப்பட்டதா என்பதையும் கட்டுரையின் முறையியற் பகுதியை வாசித்தே அறிதல் வேண்டும். அங்கே கணக்கர் வாய்மூடி, வைத்தியர் பேசவேண்டும்.

இனி என் கருத்தை ஒளிக்காமற் சொல்கிறேன். மருத்துவச் செய்தி வெளியிடும் நம் தமிழ்ப் பத்திரிகைகள் "பயன் உறுதியானது", "பயனில்லை என்று கண்டறியப்பட்டது" என்னும் இரு தலைப்புக்களோடு அமைந்துவிடுகின்றன. பி-பெறுமானத்தையும் அச்சிடுவதில்லை, ஆயிடையையும் அச்சிடுவதில்லை. இரண்டில் ஒன்றுக்கே இடமுண்டாயின் ஆயிடைக்கே இடங்கொடுக்க வேண்டும் என்பேன். பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் கார்ட்னரும் ஒல்ட்மனும் இதே கோரிக்கையை 1986ஆம் ஆண்டிலேயே விடுத்தனர். ஆயிடை கையிலிருந்தால் பி-பெறுமானத்தின் பெரும்பகுதி தானே தெரியவரும்: நூற்றுக்கு 95 ஆயிடை வேறுபாடின்மையைத் தாண்டி ஒருபக்கமாக நின்றால் பி 0.05க்குக் குறைவு. பி-பெறுமானத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஆயிடையைக் காணல் இயலாது. பெரியதை வைத்துச் சிறியதைப் பெறலாம். சிறியதை வைத்துப் பெரியதைப் பெறமுடியாது.

நம் கல்லூரியில் உயிரியல் மாணவர்க்குப் புள்ளிவிபரவியல் கற்பிப்பதாயின் சூத்திரத்திலிருந்து தொடங்கலாகாது என்றும் சொல்வேன். இருபத்தொரு நாணயங்களை வகுப்பில் கொட்டி எண்ணச் சொல்லுங்கள். ஆளுக்குப் பத்துமுறை நாற்பது பிள்ளைகள் கொட்டினால் நானூறு வீச்சு. அவற்றில் பத்தளவில் 5க்கு 16 போன்றோ அதனினும் கோணலாகவோ விழக்காண்பர். தற்செயல் எத்துணை விளையாடவல்லது என்பதை அப்பிள்ளைகள் பின்னொருகால் மறவார்.

இருள் கவிந்துவிட்டது. பாலத்துக்கு அப்பால் வலைகளை உதறிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். "அப்படியாயின் வார்ட்டில் கரி கொடுப்பதா, விடுவதா மாமா?" என்று மருமகன் கேட்டான். எல்லா நஞ்சுக்கும் வழமையாகப் பலமுறை கொடுக்கும்படி இரண்டாவது கட்டுரை சொல்லவில்லை என்றும், இன்ன நஞ்சு, இத்தனை மணிக்குள் வந்தவர், விழுங்கக்கூடியவரா என்பதை அவனுடைய ஆசிரியர்களிடமே கேட்கவேண்டும் என்றும் சொன்னேன். அவன் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, கட்டுரையின் முதற்பக்கத்தில் 0.025 என்பதன் கீழே தான் முன்பு இட்டிருந்த இரட்டைக் கோட்டை அழித்தான், பின்பு 0.6, 10.3 என்னும் இரு எண்களையும் சுற்றி ஒரு வட்டம் இட்டான்.